லாபம் 54 லட்சம், கையில் 4 லட்சம்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். மாலை ஷிஃப்ட் முடியும்போது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் அந்த வாரக் கூலி போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு மே மாதச் சனிக்கிழமை காலை, டி-ஷர்ட் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் முதலாளி என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். ஒன்று, நாங்கள் அந்த வாரம் அனுப்பியிருந்த லாப நட்டக் கணக்கு. வரி போக லாபம் 54 லட்சம் என்று அதில் இருந்தது. இன்னொன்று பேங்க் ஸ்டேட்மென்ட். கடன் வரம்பில் இன்னும் எடுக்கக்கூடியது ஒன்றே முக்கால் லட்சம் என்று அது சொன்னது. அன்றைய சம்பளத்துக்கு மூன்றரை லட்சம் வேண்டும்.

"ஏனுங்க சார், 54 லட்சம் சம்பாரிச்சேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தப் பணம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. உள்ளே யாரோ பணத்தை எடுத்துவிட்டார்களோ என்று இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். பதினோரு வருடம் கூடவே இருக்கும் கணக்குப்பிள்ளையைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

யாரும் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. லாபக் கணக்கிலும் தப்பில்லை. இரண்டு தாளும் உண்மையைத்தான் சொல்லின. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய மூன்றாவது தாள் அவரிடம் இல்லை. அதன் பெயர் ரொக்க ஓட்ட அறிக்கை, ஆபீஸ் பேச்சில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட். நம் கம்பெனிச் சட்டம் சிறு கம்பெனிகளுக்கு இந்த அறிக்கையைக் கட்டாயமாக்கவில்லை. தனிநபர் தொழில்களும் கூட்டு வியாபாரங்களும் அதைத் தயாரிப்பது அபூர்வம். அது மிகவும் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான் என்பது என் வருத்தம். அன்று அந்த மேசையிலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எண்களைப் படிக்கச் சுலபமாக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் லாபம் எப்போது பிறக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பணம் கைக்கு வரும் நாளில் லாபம் பிறப்பதில்லை. சரக்கைக் கொடுத்து பில் போட்ட நாளிலேயே அது விற்பனை. அந்தச் சரக்குக்கு ஆன செலவை அதற்கு எதிரே வைத்துக் கழித்தால் மிஞ்சுவது லாபம். வாங்கியவர் காசு கொடுத்தாரா என்ற கேள்வியே அந்தக் கணக்கில் வராது. இது நல்ல முறைதான். ஒரு வருடம் உழைத்தது வீணா, பலனா என்று தெரிய வேண்டுமானால் இப்படித்தான் போட முடியும். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை லாபத்திலிருந்து கொடுக்க முடியாது. ரொக்கத்திலிருந்துதான் கொடுக்க முடியும்.

அவருடைய ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு கூடவே நடந்து பார்த்தால் இது விளங்கும். 50,000 டி-ஷர்ட், பீஸ் 180 ரூபாய், மொத்தம் 90 லட்சம். ஆர்டர் உறுதியான பத்தாம் நாள் நூல் வாங்க வேண்டும். சுமார் 11 டன், கிலோ 270 வீதம் ஏறத்தாழ 30 லட்சம். மில்காரர்களுக்கு இவர் அப்போதைக்கப்போதே பணம் கொடுத்துவிடுவார். அதனால்தான் நல்ல விலைக்குக் கிடைத்தது. நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, டையிங்குக்குப் போய்ச் சாயமேறி, காம்பாக்டிங் முடிந்து திரும்பி வர நான்கு வாரம். அதற்கு 13 லட்சம் கூலி. பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று அடுத்த ஐந்து வாரம் சனிக்கிழமைதோறும் சம்பளம், மொத்தம் பதினேழரை லட்சம். பிரிண்டிங், லேபிள், பாலி பேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி துறைமுகம் வரை லாரி வாடகை, எல்லாம் ஏழரை லட்சம். ஆக 68 லட்சம் கையை விட்டுப் போன பிறகுதான், ஏறக்குறைய எண்பதாவது நாள், பெட்டிகள் கப்பல் ஏறுகின்றன. அன்று பில் விழுகிறது. ஆபீஸ் செலவு, வாடகை, வட்டி என்று இந்த ஆர்டரின் பங்கு 12 லட்சத்தையும் கழித்தால் லாபம் 10 லட்சம். லாப நட்டக் கணக்கில் அந்த லாபம் அன்றைக்கே ஏறிவிடும்.

வெளிநாட்டுக்காரர் பணம் அனுப்புவது பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாள் கழித்து. அதாவது நூலுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 160 நாள். ஐந்து மாதத்துக்கு மேல். இதற்கிடையில் அடுத்த ஆர்டர் வந்துவிடும். அதற்கு நூல் வாங்க வேண்டும். அதையடுத்து இன்னொன்று. முதல் ஆர்டரின் பணம் வருவதற்குள் இரண்டு மூன்று ஆர்டர்களுக்கான 68 லட்சங்கள் வெளியே போய்விடும். ஒவ்வொன்றும் லாபமான ஆர்டர். ஒவ்வொன்றும் கையிருப்பைக் கரைக்கிற ஆர்டர்.

இனி வருடக் கணக்குக்கு வருவோம். முந்தின வருடம் அவர் விற்பனை 6 கோடி. இந்த வருடம் 9 கோடி. புதிதாக ஒரு ஐரோப்பிய பையர் கிடைத்தார், கூடுதல் 3 கோடியும் அவரால் வந்தது. ரொக்க ஓட்ட அறிக்கை இந்த வருடத்தை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கும். தொழில் நடத்தியதில் வந்து போன ரொக்கம் முதல் அடுக்கு. மெஷின், கட்டடம் போன்றவற்றை வாங்கி விற்றதில் வந்து போனது இரண்டாவது. கடன் வாங்கியதிலும் அடைத்ததிலும், வட்டியிலும், முதல் போட்டதிலும் வந்து போனது மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் வருடத் தொடக்கத்தில் இருந்த ரொக்கம் எப்படி வருடக் கடைசி ரொக்கமாக மாறியது என்று ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகும்.

முதல் அடுக்குதான் உயிர். அது லாபத்திலிருந்தே தொடங்கும். வரிக்கு முந்தைய லாபம் 72 லட்சம் என்று எழுதினேன். அதோடு தேய்மானம் 20 லட்சத்தைக் கூட்டினேன். "செலவைப் போயி கூட்டறீங்களே?" என்றார். தேய்மானம் செலவுதான், ஆனால் அதற்காக இந்த வருடம் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. மெஷின் வாங்கிய அன்றே கொடுத்தாகிவிட்டது. லாபத்தைக் குறைத்தது, ரொக்கத்தைத் தொடவில்லை. ஆகவே திரும்பக் கூட்ட வேண்டும். வட்டி 18 லட்சத்தையும் கூட்டினேன். அது உண்மையிலேயே வெளியே போன பணம், ஆனால் கடன் சம்பந்தப்பட்டது என்பதால் மூன்றாவது அடுக்கில் கழிப்போம். இப்போது 110 லட்சம். எல்லோரும் உடனுக்குடன் காசு கொடுத்து, இவரும் உடனுக்குடன் காசு கொடுத்திருந்தால், சரக்கும் முந்தின வருட அளவிலேயே இருந்திருந்தால், தொழிலிலிருந்து கைக்கு வந்திருக்க வேண்டிய பணம் இது.

இதற்குக் கீழே வரும் நான்கு வரிகளில்தான் அவர் கேள்விக்கு விடை இருந்தது. பையர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி வருடத் தொடக்கத்தில் 100 லட்சம், கடைசியில் 220 லட்சம். 120 லட்சம் கூடியிருக்கிறது. இந்த 120 லட்சம் பில் போட்டு லாபக் கணக்கில் ஏறிவிட்டது, பணமாக வரவில்லை. ஆகவே கழித்தேன். நூலாகவும் துணியாகவும் தைத்து முடித்ததாகவும் கிடக்கும் சரக்கு 80 லட்சத்திலிருந்து 150 லட்சமாகியிருந்தது. அந்த 70 லட்சம் இன்னும் செலவுக் கணக்குக்கே வரவில்லை, விற்கும்போதுதான் வரும். ஆனால் பணம் போய்விட்டது. அதையும் கழித்தேன். ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் டிராபேக்கும் அரசிடமிருந்து வரவேண்டியது 15 லட்சத்திலிருந்து 30 ஆகியிருந்தது. இன்னொரு 15 போயிற்று. கடைசி வரி மட்டும் எதிர்த்திசை. டையிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டிக்காரர்களுக்கு இவர் கொடுக்க வேண்டியது 70 லட்சத்திலிருந்து 105 ஆகியிருந்தது. செலவு என்று எழுதியாகிவிட்டது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. அந்த 35 லட்சத்தைக் கூட்டினேன்.

நான்கையும் சேர்த்தால் 170 லட்சம் கழிவு. 110-இல் 170 போனால் மைனஸ் 60. வருமான வரி கட்டியது 18. தொழிலிலிருந்து வந்த நிகர ரொக்கம் மைனஸ் 78 லட்சம்.

அந்த எண்ணை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். 54 லட்சம் லாபம் சம்பாதித்த அதே வருடத்தில், அதே தொழில், 78 லட்சம் ரொக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடைவெளி ஒரு கோடியே 32 லட்சம். அது தொலைந்துபோகவில்லை. ஐரோப்பாவில் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் பாக்கியாகவும், இவர் குடோனில் மஞ்சள் கோன்களில் நூலாகவும் இருந்தது. அவற்றைச் சம்பளக் கவரில் போட முடியாது, அவ்வளவுதான்.

மற்ற இரண்டு அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய ஆர்டர்களுக்காகத் தையல் மெஷின்கள் வாங்கியது 60 லட்சம் வெளியே போயிற்று. அதற்கு பேங்கில் வாங்கிய டெர்ம் லோன் 45 உள்ளே வந்தது. பழைய லோன் தவணை 15, வட்டி 18, வீட்டாரிடம் வாங்கியிருந்த கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தது 12, இவையெல்லாம் வெளியே. பேக்கிங் கிரெடிட்டும் நடைமுறைக் கடனுமாக பேங்கில் கூடுதலாக எடுத்தது 100 லட்சம் உள்ளே. கடன் அடுக்கில் ஆக மொத்தம் 100 லட்சம் வரவு. மைனஸ் 78, மைனஸ் 60, ப்ளஸ் 100. வருடத்தில் ரொக்கம் 38 லட்சம் குறைந்தது. தொடக்கத்தில் 42 லட்சம் இருந்தது. மார்ச் 31 அன்று 4 லட்சம். பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போயிற்று. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்பட்டதை நினைத்துக் கண் கலங்கினார்.

இந்த அறிக்கையை இதோடு மடித்து வைத்தால், "வியாபாரம் பெருகினால் பணம் முடங்கத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம். பல ஆலோசகர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. எவ்வளவு முடக்கம் பெருக்கத்தால் வந்தது, எவ்வளவு நாமாக வரவழைத்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

பிரிப்பது கஷ்டமில்லை. முந்தின வருட முடிவில் வரவேண்டிய பாக்கி, சரக்கு, ரீஃபண்ட் மூன்றையும் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்தால் 125 லட்சம். 6 கோடி விற்பனைக்கு 125 லட்சம் முடங்கியிருந்தது. 100 ரூபாய் விற்க ஏறக்குறைய 21 ரூபாய். அதே விகிதத்தில் 9 கோடிக்கு முடங்கியிருக்க வேண்டியது 187 லட்சத்துச் சொச்சம். அப்படியானால் பெருக்கத்தின் விலை 62 லட்சம்தான். வரி போக இவருக்குத் தொழிலில் வந்திருக்க வேண்டிய ரொக்கம் 110-இல் 18 போக 92. அதிலிருந்து 62-ஐக் கொடுத்துவிட்டு 30 லட்சம் மிஞ்சியிருக்கும். நடைமுறைச் செலவுக்கு பேங்கில் புதிதாக ஒரு பைசா எடுக்காமலே இந்தத் தொழில் ஒன்றரை மடங்கு வளர்ந்திருக்க முடியும்.

நடந்தது வேறு. 62-க்குப் பதில் 170 முடங்கியது. அதிகப்படியான ஒரு கோடியே 7 லட்சத்துச் சொச்சத்தில் 70 லட்சம் வரவேண்டிய பாக்கியில், 30 லட்சம் சரக்கில், மீதி ரீஃபண்டில். விற்பனை ஒன்றரை மடங்கானபோது பாக்கி இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. காரணம் என்ன என்று கேட்டேன். பழைய பையர்களுக்கு 60 நாள் கெடு, புதியவருக்கு 90 நாள். அதோடு புதியவரின் ஆர்டர்களில் கணிசமான பகுதி ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கப்பலேறியது. அந்த மூன்று மாதத்தில் அவருக்குப் போட்ட 120 லட்சம் பில்லில் மார்ச் 31-க்குள் ஒன்றும் கெடுவுக்கு வரவில்லை. சரக்கைப் பற்றிக் கேட்டபோது, நூல் விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு மாத நூலை முன்கூட்டியே வாங்கிப் போட்டதாகச் சொன்னார்.

90 நாள் கெடுவுக்கு ஏன் ஒத்துக்கொண்டார்? இங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அவர் கணக்குப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளவில்லை. புதிய பையர் பீஸுக்கு 4 ரூபாய் அதிகம் கொடுத்தார். 180 ரூபாய் 30 நாள் கூடுதலாக நின்றால், வருடத்துக்கு 10 சதவீத வட்டி வைத்தால், பீஸுக்கு ஒன்றரை ரூபாய்தான் செலவு. 4 ரூபாய் வாங்கி ஒன்றரை ரூபாய் கொடுப்பது நல்ல பேரம். லாபக் கணக்கில் அது சரியான முடிவு. ஆனால் அந்தக் கணக்கு ஒன்றைத் தானாக எடுத்துக்கொண்டது: வட்டிக்குப் பணம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்று. கிடைக்காது. பேங்க் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பேக்கிங் கிரெடிட்டும் ஆர்டர் மதிப்பு முழுவதற்கும் தருவதில்லை, மார்ஜின் கழித்துத்தான் தரும். வரம்பு தொட்ட பிறகு அடுத்த ஒரு லட்சத்தின் விலை 10 சதவீதம் இல்லை. அது கந்துவட்டியாக இருக்கலாம், சாயப்பட்டறைக்காரர் அடுத்த லாட்டை எடுக்க மறுப்பதாக இருக்கலாம், கெடு தவறிய ஆர்டரை விமானத்தில் அனுப்பும் செலவாக இருக்கலாம். லாபகரமான தொழில் மூழ்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதை உலகத்துக்குப் பாடமாகக் காட்டிய பெயர் டபிள்யூ.டி. கிராண்ட். 1906-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரே கடையாகத் தொடங்கி, 1970-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளுடன் நின்ற பலசரக்குக் கடைச் சங்கிலி. 1973-இல் அதன் பங்கு, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு விலையில் விற்றது. 1975 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த வருடமே கடைகளை மூடி எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள். லார்கே, ஸ்டிக்னி என்ற இரண்டு கணக்கியல் பேராசிரியர்கள் 1980-இல் அதன் பழைய கணக்குகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். வருடா வருடம் லாபம் காட்டிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் தொழில், வீழ்ச்சிக்கு முந்தைய பத்தாண்டில் பெரும்பாலும் ரொக்கத்தைத் தரவே இல்லை, விழுங்கியிருக்கிறது. புதுப்புதுக் கடைகள் திறந்தார்கள், வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கடனில் விற்றார்கள். பாக்கியும் சரக்கும் ஊதிப்போக, இடைவெளியை பேங்க் கடனால் அடைத்துக்கொண்டே வந்தார்கள்.

பங்குச் சந்தை ஏன் இதைப் பார்க்கவில்லை? அன்றைக்கு ரொக்க ஓட்ட அறிக்கை என்ற ஒன்று கட்டாயமில்லை. அதற்குப் பதிலாக இருந்த அறிக்கை நடைமுறை மூலதனத்தை, அதாவது ரொக்கம், பாக்கி, சரக்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்த்தது. ரொக்கம் பாக்கியாக மாறினாலும் மூட்டையின் எடை மாறாது. பெட்டியில் இருந்த ஒரு கோடி பையரின் பாக்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த அறிக்கைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நம் திருப்பூர்க்காரரின் நிலைமையையும் அது "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லியிருக்கும். அமெரிக்காவில் 1987-இல்தான் இன்றைய ரொக்க ஓட்ட அறிக்கை கட்டாயமாயிற்று. இந்தியாவில் நாம் பின்பற்றும் கணக்கியல் தரம் 3 இன்றைய வடிவத்துக்கு வந்தது 1997-இல்.

அறிக்கை கையில் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் படிப்பதிலும் ஏமாற இடமிருக்கிறது. ஒரே ஒரு வருடம் தொழில் ரொக்கம் மைனஸில் இருந்தால் அதுவே நோய் என்று சொல்ல முடியாது. பெரிய ஆர்டர் மார்ச்சில் போயிருக்கலாம், ஏப்ரலில் பணம் வந்திருக்கலாம். மூன்று வருட லாபத்தைக் கூட்டி, மூன்று வருடத் தொழில் ரொக்கத்தைக் கூட்டி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஓரளவு நெருங்கி வர வேண்டும். லாபம் ஒன்றரைக் கோடி, தொழில் ரொக்கம் இருபது லட்சம் என்றால், அந்த லாபத்தில் கொஞ்சம் வராத பாக்கியாகவோ விற்காத சரக்காகவோ இருக்கிறது என்று அர்த்தம். அதில் எவ்வளவு எப்போதுமே வராது என்பதுதான் அடுத்துத் தேட வேண்டியது.

எதிர்த்திசை ஏமாற்றும் உண்டு. தொழில் ரொக்கம் அழகாக ப்ளஸில் இருக்கும், ஆனால் நான்காவது வரியைப் பார்த்தால் காரணம் தெரியும்: சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்காரருக்கும் கொடுக்காமல் இழுத்தடித்திருப்பார்கள். அது சம்பாதித்த ரொக்கம் அல்ல, தன்னைவிடச் சின்னவரிடம் கேட்காமல் வாங்கிய கடன். இதைச் செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன், தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வேலை வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டி வருடக் கடைசியிலும் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். கையில் ரொக்கம் இல்லாததால் டையிங் பில்லை நிறுத்தி வைக்கிறார். அதனாலேயே வரிக்குரிய லாபம் ஏறுகிறது. இல்லாத ரொக்கத்திலிருந்து இன்னும் அதிக வரி கட்ட வேண்டியதாகிறது.

இன்னொரு எல்லை, இந்த அறிக்கை முடிந்துபோன வருடத்தைப் பற்றியது. பணம் எங்கே போனது என்று அது சொல்லும். அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை சம்பளத்துக்கு இருக்குமா என்று சொல்லாது. அதற்கு இன்னொரு தாள் வேண்டும். பதின்மூன்று கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம், மொத்தம் மூன்று மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் வாரத் தொடக்க இருப்பு, எந்த பையரின் எந்த பில் அந்த வாரம் கெடுவுக்கு வருகிறது, நூலுக்கு, கூலிக்கு, தவணைக்கு என்ன போகும், கடைசியில் மீதி. லாபம் என்ற சொல்லே அந்தத் தாளில் வராது. பையர் அனுப்புவதாகச் சொன்ன தேதியை எழுதாமல் சென்ற முறை உண்மையில் அனுப்பிய தேதியை வைத்து எழுத வேண்டும். இந்த ஒரு திருத்தத்திலேயே பல பேருக்கு இரண்டு வாரம் பின்னால் போய்விடுகிறது.

அந்தச் சனிக்கிழமை முதலில் சம்பளத்துக்கு வழி பார்த்தோம். பழைய பையர் ஒருவரின் பில் அடுத்த புதன்கிழமை கெடுவுக்கு வரவிருந்தது. அந்த பில்லைக் காட்டி பேங்க் மேனேஜரிடம் நான்கு நாளுக்குத் தற்காலிகமாகக் கூடுதல் வரம்பு கேட்டார், மதியம் இரண்டு மணிக்குக் கிடைத்தது. கேட்கக் காரணமும் திருப்பிக் கொடுக்கும் தேதியும் கையில் இருந்ததால் கிடைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பிறகு மாலை வரை உட்கார்ந்து பதின்மூன்று வாரத் தாளைப் போட்டோம். ஏழாவது வாரத்தில் மைனஸ் 22 லட்சம் வந்தது. புதிய பையரின் அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்க வேண்டிய வாரம் அது.

குடோனில் முன்கூட்டி வாங்கிப் போட்ட நூல் இருந்ததே என்று கேட்டேன். அந்தக் கவுண்ட் நூலே இந்த ஆர்டருக்கும் பொருந்துமா என்று ஃபேக்டரி மேனேஜரிடம் போனில் விசாரித்தார். பாதிக்குப் பொருந்தும் என்று பதில் வந்தது. 22 ஏழானது. அடுத்த வாரம் அந்த ஐரோப்பிய பையரோடு பேசினார். பீஸுக்கு 2 ரூபாய் விட்டுக்கொடுத்தார், கெடுவை 60 நாளாகக் குறைத்து, ஆர்டர் மதிப்பில் 20 சதவீதம் முன்பணமாகக் கேட்டார். கெடுவுக்கு உடனே சம்மதித்தார்கள். முன்பணத்தில் 10 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். 90 லட்சம் ஆர்டரில் 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏழாவது வாரத்துக்கு முன்பே வந்தது.

அவர் ஆபீஸ் சுவரில் இப்போது அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் கணக்குப்பிள்ளை ஒரு கட்டத்தைக் கிழித்துவிட்டுக் கடைசியில் புதிதாக ஒன்றை ஒட்டுகிறார். போன முறை போனபோது பதினோராவது கட்டத்தைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டிருந்தார்கள். மைனஸ் 5 லட்சம், இரண்டரை மாதம் முன்னதாகவே.